அடைப்பு என்று புகார் வந்தால்: பாதாள சாக்கடைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பாதாள சாக்கடைப் பிரிவுக்கு இப்போதுதான் பணிக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உதவிப் பொறியாளராக இருக்கலாம், துப்புரவு ஆய்வாளராக இருக்கலாம், ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளராகவும் இருக்கலாம். முதல் வாரத்திலேயே காலை ஏழு மணிக்கு போன் வரும். "சார், ரோட்டுல சாக்கடை பொங்குது, பசங்க ஸ்கூலுக்குப் போகணும்" என்பார்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கவுன்சிலர் வந்திருப்பார். அடைப்பு எடுக்கும் வண்டி இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வண்டிக்கு எதுக்கு சார் வெயிட் பண்ணணும், ரெண்டு நிமிஷம், நான் பாத்துக்கறேன்" என்பார்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள். தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையம் 1993 முதல் எடுத்துவரும் கணக்கில் கழிவுநீர்க் குழிகளிலும் தொட்டிகளிலும் இறந்தவர்கள் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பது நம் தமிழ்நாடு. அதனால் அந்தக் காலை நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை, எங்கள் ஊரில் நான் பார்த்த ஒரு தெருவை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு பிரிவுகள் மனப்பாடமாகவே இருக்க வேண்டும்.

பிரிவு 7 சொல்வது இது: எந்தத் தனிநபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும், கழிவுநீர்க் குழாயையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைக்கக் கூடாது. அந்த "மறைமுகமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். "அவர் எங்க ஆள் இல்லை, கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்தவர்" என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மீறினால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் வரை போகும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. இறக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கூட வரலாம்.

பிரிவு 33 உள்ளாட்சியின் கடமையைச் சொல்கிறது. கழிவுநீர்க் குழாய், தொட்டி ஆகியவற்றைச் சுத்தம் செய்யத் தகுந்த இயந்திரங்களைப் பயன்படுத்துவது ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பின் கடமை. "நிதி இருந்தால்" என்றெல்லாம் அதில் இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கிக் கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்வதற்குத் தடை விதித்தது.

சரி, சட்டம் போதும். தெருவுக்குப் போவோம்.

முதலில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

அந்தத் தெருவில் ஏழு குழிகள். நாம் மேன்ஹோல் என்று சொல்லிப் பழகியவை. ஆள் இறங்குவதற்கான குழி என்ற எண்ணமே வரக் கூடாது என்பதற்காக மெஷின் ஹோல் என்று அழைக்கச் சொல்கிறது ஒன்றிய அரசு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. இங்கே வெறுமனே குழி என்றே எழுதுகிறேன். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் ஏறத்தாழ முப்பது மீட்டர். குழாய் 200 மில்லிமீட்டர். கழிவுநீர் 1-ஆம் குழியிலிருந்து 7-ஆம் குழியை நோக்கி ஓடுகிறது.

நாங்கள் போனபோது 3-ஆம் குழியின் மூடி இடுக்கில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் அங்கேதான் நின்றது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பொங்குகிற குழியில் அடைப்பு இருக்காது. தெருவில் எங்கே தரை தாழ்வாக இருக்கிறதோ அங்கே பொங்கும், அவ்வளவுதான். அடைப்பு அதற்குக் கீழே எங்கோ இருக்கும். அதனால் ஓட்டம் போகும் திசையில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பாருங்கள். மூடியை விரலை விட்டுத் தூக்க விடாதீர்கள், கொக்கிக் கம்பியோ நெம்புகோலோ வேண்டும். இரும்பு மூடியின் அடியில் விரல் நசுங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். திறந்ததும் குனிந்து முகத்தை வைத்துப் பார்க்கவும் கூடாது. காற்று அடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி, ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள்.

4-ஆம் குழியில் தண்ணீர் கழுத்து வரை நின்றது. 5-ஆம் குழி காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் அடைப்பு 4-க்கும் 5-க்கும் நடுவே உள்ள முப்பது மீட்டரில். நிறைந்த குழிக்கும் காய்ந்த குழிக்கும் நடுவில்தான் அடைப்பு; இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எந்தத் தெருவிலும் பத்து நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது அந்தக் காய்ந்த 5-ஆம் குழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்க ஒன்றும் இல்லாத குழி. அடியில் கொஞ்சம் கறுப்புச் சேறு, ஏறி இறங்க இரும்புப் படிகள், ஆறடி ஆழம். "தண்ணியே இல்லையே சார், இறங்கி ஒரு கம்பி விட்டா போச்சு" என்று சொல்லத் தோன்றுவது இந்தக் குழியைப் பார்த்துத்தான். ஆனால் அதுதான் மோசமான குழி. 4-ஆம் குழியில் இரவு முழுக்கத் தேங்கி நின்ற கழிவுநீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஊறியிருக்கிறது. கம்பி பட்டு அடைப்பு விட்டதும் அந்த நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாக 5-ஆம் குழிக்குள் வரும். கலங்கும்போது வாயு வெளியேறும், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பது போல. குழிக்குள் இருப்பவருக்கு மேலே ஏறுவதற்கு நேரமே இருக்காது. அடைப்பை எடுக்கும் அந்த நொடியே ஆளைக் கொல்லும் நொடியாகிறது.

மூக்கை நம்பாதீர்கள்

ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதனால் பழைய ஆட்கள் முகர்ந்து பார்த்து "கேஸ் இருக்கு, இல்லை" என்பார்கள். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவைத் தாண்டினால் அந்த வாயு மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம். உண்மையில் வாயு கூடியிருக்கும். 500-க்கு மேல் போனால் ஆள் சுருண்டு விழுவார். 1000 பக்கம் போனால் ஓரிரு மூச்சு போதும். இது காற்றை விடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். மீத்தேன் காற்றை விட இலேசானது, மேலே சேரும், தீப்பொறி பட்டால் பற்றும். ஆகவே தீக்குச்சி கிழித்துப் போட்டுப் பார்ப்பது, விளக்கை இறக்கிப் பார்ப்பது எல்லாம் இன்றைக்கு யாரும் செய்யக் கூடாத வேலை.

இதற்கு உள்ள கருவி நான்கு வாயு அளவி. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பற்றும் வாயு, இந்த நான்கையும் காட்டும். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். காலையில் ஆபீஸ் வாசலில் நின்று ஆன் செய்யும்போதே 20.9 வரவில்லை என்றால் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, அது முடிந்தாலும் கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்த அளவி, எந்தக் குழியில் விட்டாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யம் என்றே காட்டியது. எல்லாக் குழியும் சுத்தமாக இருப்பதாக மூன்று மாதம் பதிவேட்டில் எழுதினோம். சர்வீஸுக்கு அனுப்பியபோதுதான் சென்சார் செத்துப்போன விஷயம் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் யாரும் இறங்காததால் யாரும் சாகவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அளக்கும்போது கருவியின் உறிஞ்சு குழாயைக் கயிறு போல விட்டு மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும் அளக்க வேண்டும். ஒவ்வோர் உயரத்திலும் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்துங்கள், காற்று குழாய் வழியாக மேலே வந்து சேர நேரம் வேண்டும். ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் தொட்டாலோ, தீப்பற்றும் வாயு பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்தைத் தொட்டாலோ கருவி கத்தும். கத்தினால் எல்லோரும் விலக வேண்டும். "மிஷின் எப்பவும் கத்தும் சார்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று கருவி கெட்டிருக்கிறது, இல்லை அவர் பல தடவை தப்பிப் பிழைத்திருக்கிறார்.

இயந்திரத்தால் வேலை செய்யும்போதும் இந்த அளவி மூடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குனிந்து எட்டிப் பார்க்கும் ஆபரேட்டரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

ஜெட்டிங் வண்டியை எங்கே நிறுத்துவது

இனி வேலை. 5-ஆம் குழியில், அதாவது காய்ந்த குழியில், தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் ஜெட்டிங் குழாயை விட வேண்டும். நிறைந்த 4-ஆம் குழியில் விடத்தான் பலருக்கும் கை போகும். அப்படி விட்டால் அடைப்பு இன்னும் இறுகும், குழாயின் முனை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. கீழிருந்து மேலாக, ஓட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். ஜெட்டிங் முனையின் பின்பக்கத்துத் துளைகளில் பீய்ச்சும் தண்ணீர்தான் அதை முன்னே தள்ளுகிறது. திரும்ப இழுக்கும்போது அதே பீய்ச்சல் கசடை வாரிக்கொண்டு 5-ஆம் குழிக்கே கொண்டு வரும். அங்கே சூப்பர் சக்கர் வண்டியின் உறிஞ்சு குழாய் காத்திருந்து அதை இழுத்துவிட வேண்டும். 5-இலிருந்து 6-க்குப் போகும் வாயில் ஒரு கம்பி வலையை நீண்ட கம்பால் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இந்தத் தெருவின் துணியும் நாப்கினும் அடுத்த தெருவில் போய் அடைக்கும், நாளைக்குக் காலை அங்கிருந்து போன் வரும்.

முனை குழாய்க்குள் ஒரு மீட்டராவது நுழைந்த பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இழுத்து எடுக்கும்போதும் வாய்க்கு வருமுன் குறைக்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி, முனையிலிருந்து இரண்டு மீட்டரில் குழாயைச் சுற்றி சிவப்பு டேப் ஒட்டி வைப்பது. டேப் தெரிந்ததும் ஆபரேட்டர் அழுத்தத்தை இறக்கிவிடுவார். முழு அழுத்தத்தில் வெளியே வந்த முனை பாம்பு போலத் துள்ளும். அந்தத் தண்ணீர் தோலைக் கிழித்து உள்ளே இறங்கினால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகிப்போகும். அப்படிப்பட்ட காயத்தை ஒருபோதும் மருந்து தடவி அனுப்பாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

தொடங்குமுன் அந்த முப்பது மீட்டரில் உள்ள வீடுகளில் சொல்லிவிடுங்கள். சில சமயம் அழுத்தத்தில் வீட்டு இணைப்பு வழியாகக் கழிப்பறையில் தண்ணீர் பீய்ச்சும். குழந்தைகள் உள்ளே இருக்க வேண்டாம்.

தெரு குறுகல், வண்டி நுழையாது என்பதுதான் ஆளை இறக்குவதற்கு அதிகம் கேட்கும் காரணம். பெரிய வண்டி நுழையாவிட்டால் அகலமான தெருவில் நிறுத்திவிட்டுக் குழாயை நீட்டலாம். இல்லையேல் சின்ன வண்டியில் பொருத்திய ஜெட்டிங் வேண்டும். எந்தெந்தத் தெருவுக்கு எந்த வண்டி போகும் என்பதைப் புகார் வரும் நாளில் யோசிக்கக் கூடாது. வந்த முதல் மாதத்திலேயே வார்டு முழுக்க நடந்து ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் சின்ன வண்டி வாங்க மன்றத்தில் தீர்மானம் வைக்க முடியும்.

குழாய் போகவில்லை என்றால்

எங்கள் தெருவில் ஜெட்டிங் குழாய் பன்னிரண்டு மீட்டர் போய் நின்றுவிட்டது. இழுத்தோம். வெள்ளையும் மஞ்சளுமாகக் கொழுப்புக் கட்டிகள் வந்தன, அந்த வரிசையில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. கூடவே துணி. மறுபடி விட்டோம், மறுபடியும் அதே பன்னிரண்டு மீட்டர். இந்த முறை சிவப்பு மண்ணும் உடைந்த குழாய்ச் சில்லும் வந்தன.

வெளியே வருவதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கொழுப்பும் துணியும் வந்தால் ஜெட்டிங்கே போதும், பொறுமையாக மூன்று நான்கு தடவை விட வேண்டும். நார் போல வேர் வந்தால் வெட்டும் முனை மாட்ட வேண்டும். மண்ணும் சில்லும் வந்தால் குழாய் உடைந்திருக்கிறது, இனி எத்தனை முறை ஜெட்டிங் விட்டாலும் ரோட்டுக்கு அடியில் பள்ளம்தான் பெரிதாகும். நிறுத்திவிட வேண்டும்.

சரியாக இந்த இடத்தில்தான் கூட்டத்திலிருந்து குரல் வரும். "மிஷினால முடியாது, ஆள் விட்டாத்தான் ஆகும்." எங்களுடன் இருந்த மூத்த பணியாளர், நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம், அவரே சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். இருபது வருடமாக அவர் செய்து பழகிய வேலை. அவர் கையைப் பிடித்து, "வேண்டாம்ணே, டேப்பை எடுங்க, ரோட்டுல அளப்போம்" என்றேன்.

5-ஆம் குழியிலிருந்து ரோட்டின் மேல் பன்னிரண்டு மீட்டர் அளந்தோம். அந்த இடத்தில் தார் ரோட்டுக்குக் குறுக்கே சிமெண்ட் பூசிய ஒட்டு ஒன்று இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் கேபிள் புதைக்கத் தோண்டிய இடம். தோண்டியவர்கள் எங்கள் குழாயை உடைத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். குழிக்குள் எத்தனை பேரை இறக்கியிருந்தாலும் அந்த அடைப்பு போயிருக்காது.

மேலிருந்து தோண்டிக் குழாயை மாற்றுவதுதான் வழி. அதற்குமுன் 4-ஆம் குழியில் பம்ப் குழாயை விட்டு, கழிவுநீரை உடைந்த இடத்தைத் தாண்டி 6-ஆம் குழிக்கு மாற்றிவிட்டோம். தெருவில் பொங்குவது அப்போதே நின்றுவிட்டது, கூட்டமும் கலைந்தது. இதை முதலிலேயே செய்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஆளை இறக்கச் சொல்லும் அவசரம் பாதிக்கு மேல் தெருவில் ஓடும் தண்ணீரால் வருவது. பம்ப் வைத்துத் தண்ணீரை நிறுத்திவிட்டால் உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். டீசல் பம்பாக இருந்தால் புகைக்குழாய் குழியின் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு குழிக்குள் இறங்கும்.

குழாய் ஆறடி ஆழத்தில் இருந்தது. பக்கவாட்டு மண் சரியாமல் பலகை முட்டுக் கொடுத்து, தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போட்டு, உடைந்த துண்டை எடுத்துப் புதியதை வைத்தோம். திறந்த பள்ளம் என்றாலும் உடைந்த கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் இருப்பதால் அளவி பள்ளத்தின் அடியிலேயே இருந்தது, மேலே ஊதுகாற்று ஓடிக்கொண்டே இருந்தது.

சட்டம் இறங்க அனுமதிக்கும் சில வேலைகள்

2013 விதிகளில் சில விலக்குகள் உண்டு. இயந்திரம் எட்டாத இடத்தில் கான்கிரீட்டையோ இறுகிய கொழுப்பையோ அகற்றுவது, 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பழைய குழாயோடு புதிய குழாயை இணைப்பது, பம்ப் நிலையத்து உறிஞ்சு கிணற்றின் அடியில் உள்ள மோட்டாரை எடுப்பது, குழியைத் திரும்பக் கட்டுவது அல்லது குழாயைச் சரிசெய்வது. இவை தவிர வேறு எதற்காகவும் இறங்க வேண்டுமென்றால் ஆணையர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுமதிக்க வேண்டும். போனில் "பாத்து முடிங்க" என்று சொன்னது அனுமதி ஆகாது. எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் எழுதிக் கேட்டாலே பத்தில் ஒன்பது தடவை வேறு வழி கிடைத்துவிடும்.

மோட்டார் எடுக்கும் வேலைக்கும் வேறு வழி இருக்கிறது. வழிகாட்டித் தண்டவாளமும் சங்கிலியும் பொருத்திய மோட்டாராக வாங்கிவிட்டால் மேலேயிருந்தே தூக்கலாம், இறக்கினால் தானாகப் போய் உட்காரும். அடுத்த முறை மோட்டார் வாங்கக் கோப்பு வரும்போது இதைக் கேளுங்கள்.

விலக்கில் வரும் வேலைக்கு இறங்கினாலும் வெறும் ஆளாக இறங்க முடியாது. குறைந்தது மூன்று பேர் எப்போதும் அங்கே இருக்க வேண்டும், அதில் ஒருவர் மேற்பார்வையாளர். இறங்குபவருக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு இருக்க வேண்டும், பிரீமியத்தை வேலை கொடுப்பவர் கட்ட வேண்டும். உடல் முழுக்க வரும் பட்டை, குழியின் மேல் முக்காலி, அதில் கைச்சுழலி, வெளிக்காற்றைக் கொண்டுவரும் சுவாசக் கருவி ஆகிய அனைத்தும் மாட்டியிருக்க வேண்டும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் இந்த வாயுவிடம் ஒன்றுமே இல்லை. வடிகட்டி மாஸ்க்கும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் தராது.

பட்டையும் சுழலியும் எதற்கென்றால், உள்ளே இருப்பவர் மயங்கினால் இன்னொருவர் இறங்காமலேயே அவரை மேலே இழுப்பதற்கு. செய்திகளில் வரும் மரணங்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆள் விழுந்ததும் தம்பியோ, மகனோ, கூட்டாளியோ குதிக்கிறார். அடுத்தவர் அவரைக் காப்பாற்றக் குதிக்கிறார். அன்பினால்தான் குதிக்கிறார்கள், பேசித் தடுக்க முடியாது. கயிறு முன்பே கட்டியிருந்தால் மட்டுமே தடுக்க முடியும். மேலிருந்து இழுக்க முடியவில்லை என்றால் தீயணைப்புத் துறையையும் 108-ஐயும் கூப்பிட்டுவிட்டு, ஊதுகாற்றை உள்ளே விட்டுக்கொண்டு, மற்றவர்களைப் பிடித்து நிறுத்துவதுதான் உங்கள் வேலை.

அலுவலகத்தில் செய்ய வேண்டியது

எனக்கு இத்தனை வருடத்தில் உறுதியாகத் தெரிந்த விஷயம், ஆள் குழிக்குள் இறங்குவது என்பது குழியோரத்தில் முடிவாவதில்லை. அதற்குப் பல மாதம் முன் ஒப்பந்தம் எழுதும் மேசையில் முடிவாகிவிடுகிறது. ஓர் அடைப்புக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால், ஒப்பந்ததாரருக்கு எது சீக்கிரமோ அதுதான் லாபம். வண்டிக்கு டீசல், ஆபரேட்டர், தண்ணீர் என்று செலவு. ஆளை இறக்கினால் ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். அதனால் வண்டி ஓடிய மணி நேரத்துக்கோ, சுத்தம் செய்த மீட்டருக்கோ பணம் தரும்படி எழுதுங்கள். வண்டி ஜிபிஎஸ் பதிவோடு பில் வரட்டும். வண்டி பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று வண்டி வர வேண்டும் என்றும் எழுதுங்கள். அந்த வரி இல்லாததால்தான் ஒரே வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் வாரத்தில் ஆள் இறங்குகிறார்.

அப்புறம் பாதுகாப்புப் பொருட்கள். ஓர் ஊரின் ஸ்டோரில் அலமாரி நிறைய கையுறை, கம்பூட், முகக்கவசம் எல்லாம் பாலிதீன் உறை பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். பதிவேட்டில் எல்லோருக்கும் கொடுத்ததாகக் கையெழுத்து. விசாரித்தால் கம்பூட் எல்லாம் ஒரே அளவு, பாதிப் பேருக்குக் காலில் நுழையவில்லை. கையுறை தடிமன், பிடி கிடைக்கவில்லை. ஆட்களிடம் அளவு கேட்டு வாங்குங்கள், வாங்கியதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெட்டிங் வண்டியில் வேலை செய்பவர்களுக்கும் கண்ணாடியும் கையுறையும் கம்பூட்டும் வேண்டும். எலிக்காய்ச்சல் காலின் சின்ன வெடிப்பு வழியாகவே வரும். வண்டியில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்கட்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆனாலும் பெரும்பாலான வண்டிகளில் இருக்காது, ஆட்கள் அதே கையோடு டீ குடிப்பார்கள்.

ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கழிவுநீர்ப் பணியாளர்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டை, பாதுகாப்புச் சாதனம், மருத்துவக் காப்பீடு தருகிறார்கள். ஒப்பந்தப் பணியாளர்களும் அதில் வருவார்கள். உங்கள் ஊரில் யாரும் விடுபடவில்லை என்று நீங்களே பெயர் பெயராகச் சரிபாருங்கள். ஆளை இறக்குவதைப் பார்க்கும் பொதுமக்கள் 14420 என்ற எண்ணில் சொல்லலாம். அந்த எண்ணை உங்கள் வண்டியிலேயே எழுதி வையுங்கள்.

வீடுகளின் செப்டிக் டேங்க் உங்கள் குழாய் இல்லைதான். ஆனாலும் அவற்றை உறிஞ்சி எடுக்கும் லாரிகளுக்கு உரிமம் தருவது உள்ளாட்சி. உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் ஆபரேட்டரிடம் நேரில் கேளுங்கள், அடியில் தங்கும் கெட்டிக் கசடை எப்படி எடுக்கிறீர்கள் என்று. "ஆள் இறங்கி வாரிடுவார்" என்று பதில் வந்தால் உரிமத்தை நிறுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்ச வேண்டும் என்பதுதான் சரியான பதில்.

மரணம் நடந்துவிட்டால், 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய். அதற்குமுன் 2014 தீர்ப்பில் இது 10 லட்சமாக இருந்தது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். அந்தக் குடும்பம் இதற்காக அலுவலகம் அலுவலகமாக அலையக் கூடாது, கோப்பை அன்றைக்கே நீங்கள் தொடங்க வேண்டும். ஒப்பந்ததாரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு குடும்பத்தார் கையில் சில ஆயிரம் திணித்து "முடித்துக்கொள்ள" முயன்றால் அதைத் தடுப்பதும் உங்கள் கடமை.

எங்கள் தெருவில் மாலை நாலே முக்காலுக்குப் புதிய துண்டை வைத்து முடித்தோம். 4-ஆம் குழியின் பம்பை நிறுத்தி, நீர் 5-ஆம் குழிக்கு வருவதை மேலிருந்து பார்த்தோம். வாய்க்கால் நடுவே தெளிவாக ஓடியது. மூடிகளைப் போட்டு, பதிவேட்டில் அளவி காட்டிய எண்களையும் பன்னிரண்டு மீட்டர் என்ற கணக்கையும் எழுதினேன். ஹோட்டலுக்குக் கொழுப்புப் பொறி கட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ், கேபிள் போட்டவர்களுக்குச் செலவுத் தொகை கேட்டு ஒரு நோட்டீஸ், 4-க்கும் 5-க்கும் நடுவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெட்டிங் என்று அட்டவணையில் ஒரு வரி. அண்ணன் வண்டியின் பின்னால் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டபடியே இருந்தன.